மே 17க்கும் ஆகஸ்ட் 26க்கும் நடுவில் காணாமல் போன கடிதங்கள்

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி, லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவைக்குள் ஒரு ரான்சம்வேர் புகுந்தது. gov.lk என்று முடியும் மின்னஞ்சல்கள் அங்கேதான் இருந்தன. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதில் அடக்கம். சேவையை நடத்திய ஐ.சி.டி.ஏ. நிறுவனம் 12 மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் மீண்டும் ஓடவைத்துவிட்டதாகச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த, போன கடிதம் எதுவும் இல்லை. நூறு நாளுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து, திரும்ப எடுக்க வழியில்லாமல் போயிற்று.

செய்தி வந்தபோது எல்லோரும் பேசியது பழைய மென்பொருளைப் பற்றி. அதுவும் உண்மைதான். சேவையில் ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. பணப் பற்றாக்குறையால் புதுப்பிப்பது தள்ளிப்போனது என்று ஐ.சி.டி.ஏ. தரப்பில் விளக்கம் சொன்னார்கள். கதவு உடைந்திருந்தது, கள்ளன் வந்தான் என்கிற கதை.

எனக்கு அந்தக் கதை போதவில்லை. கள்ளன் எந்த வீட்டுக்கும் வருவான், புது எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தாலும் ஒருநாள் வேறு கதவால் வந்திருப்பான். நான் கேட்கிற கேள்வி வேறு. ஆகஸ்ட் 26 வரைக்கும் பேக்கப் எங்கே இருந்தது? விடை அந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது. சேவையோடு சேர்த்து, சேவையோடு இணைந்திருந்த பேக்கப்பும் ஒரே வீச்சில் பூட்டப்பட்டது. கடைசியில் கைகொடுத்தது மே 17 வரைக்குமான பழைய பிரதி மட்டும்தான். அதாவது தாக்குதல் எட்டாத இடத்தில் கடைசியாக ஒரு பிரதி நின்றது மே 17இல். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் கள்ளன் புகுந்த அதே வீட்டுக்குள் இருந்த அலுமாரியில்.

இதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் கிலோ எழுதப்படுகிறது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆபீசில் இன்னொரு புத்தகத்தில் எழுதுகிறார்கள். இரண்டு புத்தகம் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் முதல் புத்தகத்தில் பிழை விழுந்தால் இரண்டாவதிலும் அதே பிழைதான் விழும், ஆபீஸ் பற்றியெரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். நம்ம அம்மாமார் ஒரு துண்டில் அன்றன்றைய கிலோவை எழுதி முந்தானையில் முடிந்து வைப்பார்களே, அதுதான் பேக்கப். அது வேறு ஆளின் கையில், வேறு இடத்தில் இருக்கிறது. ஆபீசில் யாரோ ஒரு எண்ணைத் திருத்தினால் அந்தத் துண்டு தானாகத் திருந்தாது.

நம்மில் பெரும்பாலானோர் மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு துண்டு வைத்திருக்கவில்லை. "எல்லாம் போன்ல இருக்கே" என்பதுதான் வழமையான பதில். போனில் இருப்பது பிரதி இல்லை, ஜன்னல். ஆண்ட்ராய்ட் ஜிமெயில் செயலி வழமையாகக் கடைசி 30 நாள் மெயிலை மட்டும்தான் போனுக்குள் இறக்கி வைக்கும். மூன்று வருடத்துக்கு முந்திய கடிதத்தை நீங்கள் தேடிப் பிடிக்கும்போது அது அந்த நிமிடம் கூகுளிடமிருந்து வருகிறது. கணக்கு போனால் ஜன்னல் மட்டும் மிஞ்சும், வெளியே ஒன்றும் தெரியாது.

கணக்கு எப்படிப் போகும்? அக்கரப்பத்தனையில், மன்றாசியில், டயகமவில் இருக்கிற நம்ம பிள்ளைகளின் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். ஓ.எல். முடித்த கையோடு யாரோ ஒரு கொமியூனிகேஷனில் கணக்குத் திறந்து கொடுத்திருப்பார்கள். மீட்பு நம்பராக அண்ணனின் சிம் இருக்கும். அண்ணன் கட்டாருக்குப் போயிருப்பான், சிம் செத்திருக்கும். பாவிக்காத பிரீபெய்ட் நம்பர் கொஞ்சக் காலத்தில் வேறு யாருக்கோ போய்ச் சேரும். போன் தொலைந்து, பாஸ்வேர்டும் நினைவில் இல்லை என்றால் கூகுள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. இன்னொரு வழியும் உண்டு: இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிப்பட்ட கணக்குகளை அழிக்கப்போவதாக 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது, அந்த வருடம் டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் வேலை கிடைத்ததும் புதுக் கணக்கு திறந்து, பழையதை மறந்தவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். பல்கலைக்கழகம் தந்த முகவரி என்றால் அது உங்களுடையதே இல்லை, படிப்பு முடிந்தபின் அதை எப்போது மூடுவது என்பது அவர்களின் விருப்பம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? விண்ணப்பம் கிடைத்தது என்று வந்த பதில், நேர்முகத் தேர்வுக் கடிதம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தின் பிரதி, பேர்த் சர்டிபிகேட்டையும் ஐடி கார்டையும் ஸ்கேன் பண்ணி யாருக்கோ அனுப்பிய நாள். 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை இல்லாமலாக்கப்பட்டு, ஒரு கடதாசித் துண்டு இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அலைந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் நாம். "நீ அனுப்பினதுக்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி நமக்குப் புதிது இல்லை.

இங்கேதான் gov.lk சம்பவம் நம்மைத் தொடுகிறது. 2023 ஜூனில் நீங்கள் ஒரு திணைக்களத்துக்கு மெயில் போட்டு, அவர்கள் பதிலும் போட்டிருந்தார்கள் என்று வைப்போம். அந்த முகவரி பாதிக்கப்பட்டதில் ஒன்றாக இருந்தால் அவர்கள் பக்கத்தில் இரண்டு கடிதமும் இல்லை. உங்கள் ஜிமெயிலின் Sent பகுதியில் இருப்பதுதான் உலகத்திலேயே ஒரே பிரதி. உங்கள் கணக்கும் போயிற்று என்றால், அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை என்பதற்குச் சமம்.

கூகுள் பெரிய கம்பெனி, அவர்கள் தொலைக்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2011 பெப்ரவரி 27 அன்று ஜிமெயிலைத் திறந்த சிலருக்குப் பெட்டி காலியாக இருந்தது. புதிதாகப் போட்ட ஒரு மென்பொருளில் பிழை. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல இடத்தில் பல பிரதியாகத்தான் வைத்திருந்தது, ஆனால் அந்தப் பிழை எல்லாப் பிரதிகளையும் ஒன்றாகவே தின்றுவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பாவனையாளர்களில் 0.02 சதவீதம். அவர்களின் கடிதங்கள் கடைசியில் திரும்பி வந்தன. எங்கிருந்து? காந்த நாடாவிலிருந்து. நாடா கணினியோடு இணைந்திருப்பதில்லை, அலுமாரியில் கிடக்கும், அதனால் பிழை அதை எட்டவில்லை. கொழும்பில் பேக்கப் சேவையோடு இணைந்திருந்தது, கூகுளின் நாடா இணையாமல் கிடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கூகுள் நாடாவைத் தேடியது தன்னுடைய பிழைக்காக. நீங்கள் பாஸ்வேர்டை மறந்ததற்காக யாரும் நாடா தேட மாட்டார்கள்.

சரி, நம்ம துண்டை எப்படி எழுதிக்கொள்வது? இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது போன் மட்டும் இருந்தாலே தொடங்கக்கூடியது.

takeout.google.com என்ற பக்கத்துக்குப் போங்கள். கூகுளிடம் உள்ள உங்கள் எல்லாப் பொருளும் அங்கே டிக் பண்ணப்பட்டிருக்கும். Deselect all என்பதை அழுத்திவிட்டு, கீழே இறங்கி Mail ஒன்றை மட்டும் டிக் பண்ணுங்கள். இதைச் செய்யாவிட்டால் போட்டோ, டிரைவ், யூடியூப் எல்லாம் சேர்ந்து வந்து டேட்டாவைக் குடித்துவிடும். அடுத்த பக்கத்தில் பிரதியை எங்கே அனுப்புவது என்று கேட்கும். மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள். Add to Drive என்றும் ஒரு தெரிவு இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது அதே கணக்கின் டிரைவில்தான் போய் உட்காரும், கணக்கு போனால் அதுவும் போகும். லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் செய்ததும் இதைத்தான், அலுமாரியை அதே வீட்டுக்குள் வைத்தது.

இணைப்பு வருவதற்குச் சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வந்தபின் ஏறக்குறைய 7 நாள்தான் அது உயிரோடு இருக்கும். டேட்டா கார்ட் போட்டபிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் திரும்ப முதலிலிருந்து கேட்க வேண்டிவரும். எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம்: கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்தில் 15 ஜிபியில் ஜிமெயிலுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று தனியாக எழுதியிருக்கும். இறங்கப்போவது ஏறக்குறைய அந்த அளவுதான், ஜிப் பண்ணுவதால் கொஞ்சம் குறையும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ஒருவரின் ஜிமெயில் 1.3 ஜிபி என்று வையுங்கள். அவர் பிரதியை இறக்கி, ஜிப்பை விரித்தால் உள்ளே ஒரே ஒரு பெரிய கோப்பு இருக்கும். கணக்கின் மொழி ஆங்கிலம் என்றால் அதன் பெயர் All mail Including Spam and Trash.mbox. எட்டாயிரம் கடிதம் ஏன் ஒரே கோப்பாக வந்தது என்று பயப்பட வேண்டாம். எம்பொக்ஸ் என்பது மிகப் பழைய வடிவம்: கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய நீளமான சுருள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் From என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், அதுதான் எல்லைக்கல். இணைத்து அனுப்பிய படங்களும் பி.டி.எஃப்.களும் எழுத்தாக மாற்றப்பட்டு அதே சுருளுக்குள்ளேயே இருக்கும். அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், மெயில் பெட்டி நாம் நினைப்பதைவிடப் பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. இந்த வடிவத்தின் நல்ல குணம், எந்தக் கம்பெனியும் இல்லாமலேயே அதைத் திறக்க முடியும். கூகுள் நாளைக்கு இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பு வாசிக்கக்கூடியதுதான்.

இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பாதியில் அறுந்த கோப்பும் கோப்பு மாதிரித்தான் தெரியும். எண்ணிப் பார்க்க வேண்டும். கூகுள் தருகிற சுருளில் ஒவ்வொரு கடிதத்துக்கும் X-GM-THRID என்ற ஒரு வரி இருக்கும். விண்டோஸ் கணினியில் கோப்பு இருக்கிற ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படிக் கேட்டால் எண்ணிச் சொல்லும்:

```
find /c "X-GM-THRID:" "All mail Including Spam and Trash.mbox"
```

நம்ம உதாரணக்காரருக்கு 8,436 என்று வந்தது என்று வைப்போம். இப்போது கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் Conversation view என்பதை நிறுத்திவிட்டு, All Mail பகுதிக்குப் போனால் மேலே வலப்பக்கத்தில் மொத்த எண் தெரியும். நிறுத்தாவிட்டால் அது கடிதத்தை எண்ணாது, உரையாடலை எண்ணும், அப்போது எண் குறைவாக வந்து தேவையில்லாமல் குழப்பும். அங்கே 8,390 என்று இருந்தால் நல்லது. சுருளில் ஸ்பாமும் குப்பைக்கூடையும் சேர்ந்திருப்பதால் அங்கே கொஞ்சம் கூடத்தான் வரும். மாறாக, சுருளில் 6,100 என்றும் ஜிமெயிலில் 8,390 என்றும் வந்தால் பிரதி முழுமை இல்லை. பல ஜிப்பாகப் பிரிந்து வந்ததில் ஒன்றை விட்டிருக்கலாம், அல்லது இறங்கும்போது சிக்னல் போயிருக்கலாம். மழைக்காலத்தில் நம்ம பக்கம் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் ஒருதரம் திறந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அதில் Help பட்டியலில் Troubleshooting Information என்பதைத் திறந்து, Profile Folder என்ற வரிக்கு நேரே உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதற்குள் Mail, அதற்குள் Local Folders என்று போய், சுருளின் ஒரு பிரதியை அங்கே போடுங்கள். பெயரை மட்டும் gmail2025 மாதிரி, கடைசியில் .mbox இல்லாமல் மாற்றிவிடுங்கள். திரும்பத் திறந்தால் இடப்பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், உள்ளே உங்கள் கடிதங்கள். பழைய ஒன்றைத் தேடி, அதோடு வந்த பி.டி.எஃப்.ஐத் திறந்து பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது, ஜன்னலா துண்டா என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது வழி தண்டர்பேர்டிலேயே கணக்கைச் சேர்ப்பது. ஜிமெயில் அல்லாத கணக்குகளுக்கும், அலுவலகமோ பல்கலைக்கழகமோ தந்த மெயிலுக்கும் அநேகமாக இதுதான் வழி, அந்த நிறுவனம் அனுமதித்திருந்தால். முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் அது ஐமேப் என்ற முறையில் சேர்வரோடு பேசத் தொடங்கும். கணக்கின் அமைப்புகளில் Synchronization & Storage என்ற பகுதியில், இந்தக் கணக்கின் கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திரு என்ற தெரிவை டிக் பண்ணிவிட்டு ஓரிரவு விட்டுவிட்டால் எல்லாம் இறங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள். ஐமேப் என்பது கண்ணாடி. சேர்வரில் இருப்பதைத்தான் அது காட்டும். யாரோ உங்கள் கணக்குக்குள் புகுந்து எல்லாவற்றையும் அழித்தால், அடுத்தமுறை தண்டர்பேர்ட் இணையும்போது, "ஓ, அங்கே இல்லையா" என்று உங்கள் கணினியில் இருப்பதையும் பணிவாக அழித்துவிடும். சிங்க் வேறு, பேக்கப் வேறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இறக்கிய கடிதங்களை எல்லாம் தெரிவுசெய்து, வலது கிளிக் பண்ணி, Copy To வழியாக Local Folders-க்குள் ஒரு பிரதி போட்டால்தான் அவை சேர்வரின் பேச்சைக் கேட்காத பிரதியாகும். Copy To-வுக்குப் பக்கத்திலேயே Move To இருக்கும். அதை அழுத்தினால் சேர்வரிலிருந்து கடிதம் போய்விடும், பிறகு கணினியில் இருப்பது மட்டும்தான் மிச்சம். அவசரத்தில் கை தவறுகிற இடம் அது.

இரண்டு வழியிலும் கிடைக்காத சில உண்டு. இப்போது பெரிய கோப்புகளை யாரும் இணைத்து அனுப்புவதில்லை, டிரைவ் இணைப்பை ஒட்டி அனுப்புகிறார்கள். உங்கள் சுருளில் அந்த இணைப்பின் முகவரிதான் இருக்கும், கோப்பு இருக்காது. அனுப்பியவர் அதை அழித்தால் உங்களிடமும் இல்லை. முக்கியமான ஒப்பந்தம் அப்படி வந்தால் அன்றைக்கே இறக்கி வைப்பது தவிர வேறு வழியில்லை. குப்பைக்கூடையில் 30 நாள் கழிந்து போனதையும் எந்தப் பிரதியும் திருப்பித் தராது.

பிறகு, எங்கே வைப்பது? பென் டிரைவ் போதும், ஒரு நுணுக்கத்தைத் தவிர. 32 ஜிபியும் அதற்குக் குறைந்ததுமான பென் டிரைவுகள் பெரும்பாலும் FAT32 என்ற வடிவில் வரும். அதில் 4 ஜிபியைவிடப் பெரிய ஒற்றைக் கோப்பு ஏறாது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கும், ஆனாலும் இடமில்லை என்கிற மாதிரிச் சொல்லும், நாமும் பென் டிரைவ் பழுது என்று நினைப்போம். உள்ளே வேறு ஒன்றும் இல்லையென்றால் exFAT வடிவுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பவும் வேண்டாம், அதுவும் ஒருநாள் சாகும். ஒன்று வீட்டில், இன்னொன்று தலவாக்கலையில் இருக்கிற அக்கா வீட்டில் என்று வைத்தால், லயத்தில் ஒரு நெருப்புப் பிடித்தால்கூட ஒன்று தப்பும். லயன் வீடுகள் வரிசையாக எரிந்த செய்திகளை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்.

அந்தச் சுருளுக்குப் பூட்டு கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாமலேயே யாரும் திறந்து வாசிக்கலாம். உள்ளே உங்கள் ஐடி கார்ட் இருக்கிறது, வங்கிக் கடிதம் இருக்கிறது, யாருக்கும் காட்ட விரும்பாத கடிதங்களும் இருக்கலாம். ஆகவே இந்த வேலையைக் கொமியூனிகேஷன் கணினியில் செய்யாதீர்கள் என்பேன். அங்கே இறக்கி, பென் டிரைவுக்கு மாற்றி, டவுன்லோட் ஃபோல்டரில் விட்டுவிட்டு வந்தால் அடுத்து உட்காருகிறவருக்கு உங்கள் வாழ்க்கை முழுசும் கிடைக்கும். சொந்தக் கணினி இல்லையென்றால் நம்பிக்கையான நண்பரின் கணினி. அதில் செவன்-ஜிப் மென்பொருளால் பாஸ்வேர்ட் போட்டு ஒரு கோப்பாகச் சுற்றிவிடலாம், AES-256 பூட்டு அது. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, அதனால் அதைக் கடதாசியில் எழுதி, பென் டிரைவ் இருக்கிற இடத்தில் இல்லாமல், பேர்த் சர்டிபிகேட் இருக்கிற பெட்டியில் வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருதரம் செய்வது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எத்தனை நாள் கடிதத்தை இழந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்பதைத்தான். gov.lk விடயத்தில் அந்த விடை, யாரும் யோசித்து முடிவெடுக்காமலேயே, நூறு நாளாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தினசரி, இணையாத பேக்கப் எடுக்கத் தொடங்கினார்கள். வேலை தேடுகிற காலத்தில் இருக்கிற ஒருவருக்கு மாதம் ஒருதரம் போதும் என்று நினைக்கிறேன், மற்றவர்களுக்கு மூன்று மாதம். டேக்அவுட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருதரம், ஒரு வருடத்துக்குத் தானாகவே தயாரித்து அனுப்பு என்ற தெரிவும் இருக்கிறது. ஆனால் அது தயாரிக்க மட்டும்தான் செய்யும், 7 நாளுக்குள் இறக்குவது உங்கள் வேலை. புதுப் பிரதி எடுத்ததும் பழையதை உடனே அழிக்காதீர்கள். கணக்குக்குள் ஒருவன் புகுந்து பாதியை அழித்தது தெரியாமல் நீங்கள் எடுத்த பிரதி, பாதிப் பிரதிதான். முந்திய இரண்டாவது இருந்தால்தான் அது தெரியவரும், எண்ணிக்கை திடீரென்று குறைந்திருக்கும்.

கடைசியாக நம்ம மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து இளைஞர் மன்றம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் எல்லாவற்றுக்கும் இன்று ஒரு ஜிமெயில் இருக்கிறது, அது அநேகமாகச் செயலாளரின் போனில் இருக்கிறது. செயலாளர் மாறும்போது, அல்லது கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போகும்போது, அல்லது தலைவரோடு கோபித்துக்கொள்ளும்போது, ஐந்து வருடத்துக் கடிதப் போக்குவரத்தும் அவரோடு போகிறது. பிரதேச சபைக்கு எழுதியது, நன்கொடை கேட்டது, கிடைத்த காசுக்கு அனுப்பிய கணக்கு, எல்லாம். பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கிற அன்றைக்கே மெயில் பிரதி ஒன்றையும் எடுத்து, எண்ணிக்கையைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, பென் டிரைவைப் பொருளாளரிடம் கொடுத்துவிடலாம். செயலாளரிடம் கணக்கு, பொருளாளரிடம் பிரதி. அடுத்த வருடம் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.